தீர்மானம் எப்போது தீர்மானம் ஆகிறது? கூட்டக் குறிப்பு எழுதுவோருக்கு நான்கு சொற்கள்

எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் பழைய பொருளாளர் விலகிவிட்டார். வங்கிக் கணக்கில் அவர் பெயரை நீக்கிப் புதியவரைச் சேர்க்க வேண்டும். பொதுக்குழு கூடியது, பேசியது, கை தூக்கியது. அப்போதுதான் செயலாளர் ஆகியிருந்த நான் மினிட் புத்தகத்தில் இப்படி எழுதினேன்:

“கோரம் இல்லாததால் கூட்டம் அரை மணி நேரம் ஒத்திவைக்கப்பட்டு மீண்டும் தொடங்கியது. வங்கிக் கணக்கில் கையெழுத்திடுவோரை மாற்றுவது குறித்துத் தீர்மானம் கொண்டுவரப்பட்டது. உறுப்பினர்கள் பலர் கருத்துத் தெரிவித்தனர். தலைவர் நன்றி கூற, கூட்டம் இனிதே கலைந்தது.”

எழுதியதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. நகல் எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனேன். அங்கே இருந்த அம்மா இரண்டு முறை படித்தார். “தீர்மானம் கொண்டுவந்தீங்க, சரி. நிறைவேறிச்சா சார்?” என்றார். நிறைவேறியது என்றேன். “அது இதுல இல்லையே. அரை மணி நேரம் கழிச்சாவது கோரம் வந்துச்சா?” நான் எண்ணவே இல்லை. நகல் என் கைக்கே திரும்பி வந்தது.

அந்த நான்கு வரியில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் மோஷன், கோரம், அட்ஜர்ன்மென்ட், ரெசல்யூஷன் என்ற நான்கு கருத்துகளும் அதில் ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கின்றன. ஒரு குறிப்பு அலுவல் நடையில் இருக்கிறதா என்பதைக் கடினமான சொற்களை வைத்து யாரும் எடைபோடுவதில்லை. கூட்டத்துக்கு வராத ஒருவர் அதைப் படித்து, என்ன கேட்கப்பட்டது, என்ன முடிவானது, முடிவெடுக்கும் தகுதி அந்தக் கூட்டத்துக்கு இருந்ததா என்று தெரிந்துகொள்ள முடிகிறதா என்றுதான் பார்ப்பார்கள். அதற்கு இந்த நான்கு சொற்களும் தத்தம் இடத்தில் நிற்க வேண்டும்.

ஒரே சொல், இரண்டு வேலை

முதல் சிக்கல் ‘தீர்மானம்’ என்ற சொல்லிலேயே இருக்கிறது. ஒரு கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் எழுந்து, “இதை நாம் செய்யலாம், ஏற்றுக்கொள்ளுங்கள்” என்று முறைப்படி கேட்பது மோஷன். அவை அதை ஏற்று முடிவாக அறிவிப்பது ரெசல்யூஷன். முன்னது கேள்வி, பின்னது விடை. தமிழ்நாட்டு வழக்கில் இரண்டுக்கும் தீர்மானம் என்றே சொல்கிறோம்.

சட்டமன்றச் செய்திகளைக் கவனித்தால் இது புரியும். நம்பிக்கையில்லாத் தீர்மானம், வெட்டுத் தீர்மானம் என்று சொல்பவை எல்லாம் மோஷன்தான். வாக்கெடுப்பு நடக்கும் வரை அவற்றுக்கு எந்த வலுவும் இல்லை, தோற்றுப்போகவும் கூடும். “தீர்மானம் தோல்வியடைந்தது” என்று நாளிதழில் படிக்கும்போது நமக்கு முரணாகத் தோன்றுவதில்லை. ஆனால் கொஞ்சம் நின்று யோசித்தால், தீர்மானித்துவிட்ட ஒன்று எப்படித் தோற்கும்? ‘தீர்ந்தது’, ‘தீர்ப்பு’ என்ற சொற்களின் முடிந்துபோன தன்மை ‘தீர்மானம்’ என்பதிலும் காதில் விழத்தான் செய்கிறது.

இலங்கைத் தமிழில் இந்தக் குழப்பம் இல்லை. அங்கே மோஷன் என்றால் பிரேரணை, ரெசல்யூஷன் என்றால் தீர்மானம். ‘நம்பிக்கையில்லாப் பிரேரணை’ என்று கொழும்புச் செய்தியில் வருவது, சென்னைச் செய்தியில் ‘நம்பிக்கையில்லாத் தீர்மானம்’ ஆகிவிடுகிறது. அங்கே ஒருவர் பிரேரிப்பார், இன்னொருவர் ஆமோதிப்பார், வாக்கெடுப்பில் வென்றால் பிரேரணை தீர்மானமாகும். சொல்லின் மாற்றமே நிலையின் மாற்றத்தைக் காட்டிவிடும். இந்த ஒரு விஷயத்தில் இலங்கை வழக்குதான் தெளிவானது என்பது என் கட்சி.

அதற்காகத் தமிழ்நாட்டுச் சங்கத்தின் குறிப்பில் ‘பிரேரணை’ என்று எழுதச் சொல்லமாட்டேன். படிப்பவருக்குப் பழக்கமில்லாத சொல் அது. இங்கே கைக்கெட்டும் தூரத்தில் நல்ல வினைச்சொற்கள் இருக்கின்றன: முன்மொழிதல், வழிமொழிதல். முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் என்று எழுதுவது எல்லாச் சங்கங்களிலும் வழக்கம்தான். அதே சொல்லிலிருந்து கிடைக்கும் ‘முன்மொழிவு’ என்பதை மோஷனுக்கு வைத்துக்கொண்டு, ‘தீர்மானம்’ என்பதை வாக்கெடுப்புக்குப் பிறகு மட்டும் பயன்படுத்தினால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். தலைவர் முடிவை அறிவிக்கும் வரி வரும்வரை என் குறிப்பில் ‘தீர்மானம்’ என்ற சொல்லே வராது.

சட்டமன்ற வழக்கைப் பின்பற்றி இரண்டுக்கும் தீர்மானம் என்றே எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், சுமையை வினைச்சொல் தாங்க வேண்டும். கொண்டுவந்தார், முன்மொழிந்தார் என்றால் மோஷன். நிறைவேறியது, ஏற்கப்பட்டது என்றால் ரெசல்யூஷன். என் முதல் குறிப்பில் ‘கொண்டுவரப்பட்டது’ மட்டும் இருந்து, இரண்டாவது வினை இல்லாமல் போனதுதான் வங்கிக்காரம்மாவின் கண்ணில் பட்டது.

‘நிறைவேற்றுதல்’ என்பதிலும் ஒரு பள்ளம் உண்டு. ‘தீர்மானம் நிறைவேற்றப்பட்டது’ என்றால் அவை அதை ஏற்றது என்று பொருள். ‘வாக்குறுதியை நிறைவேற்றினார்’ என்றால் செய்து முடித்தார் என்று பொருள். “இத்தீர்மானத்தை நிறைவேற்றச் செயலாளருக்கு அதிகாரம் அளிக்கப்படுகிறது” என்று எழுதினால், அவை ஏற்க வேண்டியதைச் செயலாளரே ஏற்றுக்கொள்ளலாம் என்பதுபோலத் தொனிக்கும். ஏற்பதற்கு ‘நிறைவேற்றுதல்’, நடைமுறைக்குக் கொண்டுவர ‘செயல்படுத்துதல்’ என்று பிரித்துக்கொண்டால் போதும்.

குறைவெண் என்றால் குறைவான எண் இல்லை

கோரம் என்று பேச்சில் எல்லோரும் சொல்கிறோம். எழுத்தில் அது கொஞ்சம் விபரீதமான சொல். கோர விபத்து, கோர முகம் என்றெல்லாம் தமிழில் ஏற்கெனவே ஒரு கோரம் இருக்கிறது. “கூட்டத்தில் கோரம் இருந்தது” என்று ஒரு பழைய மினிட் புத்தகத்தில் படித்துவிட்டு, அன்று அடிதடி நடந்ததோ என்று ஒரு கணம் நினைத்திருக்கிறேன்.

தமிழ்நாட்டில் ஆட்சிச் சொல் ‘குறைவெண்’. முழுமையாகச் சொல்வதானால் ‘குறைவெண் வரம்பு’. கிராம சபை அறிவிப்புகளில் இதைப் பார்த்திருப்பீர்கள். இலங்கையில் ‘கூட்ட நடப்பெண்’ என்பார்கள்; கூட்டம் நடப்பதற்கு வேண்டிய எண் என்று சொல்லே விளக்கிவிடுகிறது.

குறைவெண் என்பதற்கு, கூட்டம் செல்லுபடியாக வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை என்று பொருள். ஆனால் முதன்முறை கேட்பவருக்கு அது ‘குறைவான எண்ணிக்கை’ என்றே படுகிறது. “குறைவெண் காரணமாகக் கூட்டம் நடைபெறவில்லை” என்று எழுதிய குறிப்புகளைப் பார்த்திருக்கிறேன். எழுதியவர் ஆள் குறைந்துபோனதைச் சொல்கிறார். சொல்லின் பொருளைத் தெரிந்தவருக்கோ அது தலைகீழாகப் படுகிறது: குறைவெண் இருந்தால் கூட்டம் நடக்க வேண்டுமே! அதனால் ‘குறைவெண்’ என்பதைத் தனியாக விடாமல், வரம்பு என்பதையும் சேர்த்து, எட்டப்பட்டது அல்லது எட்டப்படவில்லை என்ற வினையோடு எழுதுவது நல்லது. “குறைவெண் வரம்பு எட்டப்படாததால்” என்றால் யாரும் தவறாகப் படிக்க முடியாது.

சொல் சரியானதும் எண் வர வேண்டும். “போதிய உறுப்பினர்கள் இருந்தனர்” என்பது எழுதியவரின் அபிப்பிராயம். மூன்று எண்கள் இருந்தால்தான் படிப்பவர் தாமே சரிபார்க்க முடியும்: வாக்குரிமை உள்ள மொத்த உறுப்பினர் எத்தனை, வரம்பு எத்தனை, வந்தவர் எத்தனை.

வரம்பு எங்கிருந்து வருகிறது என்பது அமைப்புக்கு அமைப்பு மாறும். இந்திய அரசமைப்பின் 100-ஆவது உறுப்பு நாடாளுமன்ற அவைகளுக்குப் பத்தில் ஒரு பங்கு என்கிறது. 189-ஆவது உறுப்பு மாநிலச் சட்டமன்றங்களுக்குப் பத்துப் பேர் அல்லது பத்தில் ஒரு பங்கு, இவற்றில் எது அதிகமோ அது என்கிறது. தமிழ்நாடு சட்டமன்றத்தில் 234 இடங்கள். பத்தில் ஒரு பங்கு 23.4. ஆளைப் பின்னமாக எண்ண முடியாதே, அதனால் 24. இலங்கையின் அரசியலமைப்பு இந்தக் கணக்குக்கே இடம் வைக்காமல் இருபது உறுப்பினர் என்று நேராகச் சொல்லிவிடுகிறது. சங்கங்களுக்கு அவரவர் துணைவிதிதான் வழிகாட்டி. இலங்கையில் அதை யாப்பு என்பார்கள். எங்கள் துணைவிதி மூன்றில் ஒரு பங்கு என்கிறது. உறுப்பினர் 88 பேர். மூன்றில் ஒரு பங்கு 29.33. ஆக, வரம்பு 30. இதை 29 என்று கீழே இறக்கிக் கணக்கிடுவது பலரும் செய்யும் தவறு. 29 பேர் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவு. அந்தக் கூட்டத்தின் முடிவை நாளை யாராவது எதிர்த்தால் அந்த ஒரு ஆளில் எல்லாம் கவிழ்ந்துவிடும்.

எண்ணும்போது சிறப்பு அழைப்பாளர்கள், உறுப்பினருடன் வந்த குடும்பத்தினர், தேநீர் நேரத்தில் எட்டிப்பார்த்தவர்கள் சேரமாட்டார்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டவர்களில் வாக்குரிமை உள்ளவர்கள் மட்டும்தான் கணக்கு. இன்னொன்று: குறைவெண் வரம்பு என்பது வந்திருப்போரைப் பற்றியது, வாக்களிப்போரைப் பற்றியது இல்லை. 34 பேர் வந்து, அதில் இரண்டு பேர் வாக்களிக்காமல் இருந்தாலும் வந்தவர் 34 பேர்தான்.

ஒத்திவைத்ததா, தள்ளிவைத்ததா, நிறுத்திவைத்ததா

அட்ஜர்ன்மென்ட் என்பதற்கு ஒத்திவைப்பு என்ற சொல் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஒன்றுதான். சொல்லில் சண்டை இல்லை. ஆனால் பேச்சில் எதையெல்லாம் ஒத்திவைக்கிறோம் என்று பாருங்கள்: தேர்வை, திருமணத்தை, வழக்கை, திரைப்பட வெளியீட்டை. இவற்றில் பல இன்னும் தொடங்காதவை. கூட்டக் குறிப்பில் அந்தத் தாராளம் ஆகாது.

முறைப்படி அறிவித்துக் கூட்டிய கூட்டத்தை இன்னொரு நேரத்துக்கோ நாளுக்கோ நீட்டுவதுதான் ஒத்திவைப்பு. ஒத்திவைக்கப்பட்ட கூட்டம் மீண்டும் கூடும்போது அது புதுக் கூட்டம் ஆகிவிடாது. பழைய கூட்டத்தின் தொடர்ச்சி. அதே நிகழ்ச்சி நிரல்தான் ஓடும். அறிவிப்பில் இல்லாத புதுப் பொருளை அதில் நுழைக்க முடியாது. கூட்டம் கூடுவதற்கு முன்னாலேயே, மழை என்றோ மண்டபம் கிடைக்கவில்லை என்றோ நாளை மாற்றினால் அது தள்ளிவைப்பு. அப்போது புதிய அறிவிப்பு அனுப்ப வேண்டியிருக்கும். படிப்பவர் ‘ஒத்திவைக்கப்பட்டது’ என்று பார்த்தால், பழைய அறிவிப்பே செல்லும் என்று எடுத்துக்கொள்வார். ஆகவே இது வெறும் சொல் நுணுக்கம் இல்லை. உறுப்பினருக்குத் தகவல் போனதா என்ற கேள்வியே இதில் அடங்கியிருக்கிறது.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, இதில்தான் நான் வழுக்கினேன். குறைவெண் வரம்பு இல்லாதபோது அவைத்தலைவர் என்ன செய்ய வேண்டும் என்று அரசமைப்பின் அதே உறுப்புகள் சொல்கின்றன: அவையை ஒத்திவைக்கலாம், அல்லது வரம்பு எட்டப்படும் வரை அமர்வை நிறுத்திவைக்கலாம். இரண்டு வேறு செயல்கள். ஆள் வரும்வரை நாற்காலியிலேயே காத்திருப்பது ஒத்திவைப்பு ஆகாது. “கோரம் இல்லாததால் அரை மணி நேரம் ஒத்திவைக்கப்பட்டு மீண்டும் தொடங்கியது” என்ற வாக்கியத்தைப் பல சங்கங்களின் புத்தகங்களில் பார்க்கலாம், ஒரு மந்திரம்போல. அரை மணி கழித்து அதே இருபத்தைந்து பேரோடு கூட்டத்தை நடத்திவிட இந்த வரி ஒரு மறைப்பாகிவிடுகிறது. துணைவிதி அப்படி அனுமதித்தால் அந்த விதி எண்ணைக் குறிப்பிட்டு எழுதலாம். அனுமதிக்காவிட்டால் அந்த வரி எதையும் காப்பாற்றாது.

ஒப்பிட்டுப் பார்க்க, 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தில் 103-ஆவது பிரிவு இருக்கிறது. கூட்டம் தொடங்க வேண்டிய நேரத்திலிருந்து அரை மணிக்குள் வரம்பு எட்டப்படாவிட்டால், கூட்டம் அடுத்த வாரம் அதே கிழமை, அதே நேரம், அதே இடத்துக்கு ஒத்திவைக்கப்படும். அன்றும் அரை மணிக்குள் ஆள் சேராவிட்டால், வந்திருக்கும் உறுப்பினர்களே குறைவெண் ஆவார்கள். காத்திருப்பு அரை மணி, ஒத்திவைப்பு ஒரு வாரம் என்று இரண்டும் தனித்தனியாக நிற்பதைக் கவனியுங்கள். சங்கங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால் பல துணைவிதிகள் கிட்டத்தட்ட இதே அச்சில்தான் எழுதப்பட்டிருக்கும். உங்களுடையதை எடுத்துப் பாருங்கள்.

ஒத்திவைப்பு என்று எழுதினால் கூடவே இரண்டு கேள்விகளுக்கு விடை வந்தாக வேண்டும். எது ஒத்திவைக்கப்பட்டது? கூட்டமா, நிரலில் உள்ள ஒரு பொருள் மட்டுமா? எதுவரை? நாள், நேரம், இடம் மூன்றும் வேண்டும். நாள் முடிவாகவில்லை என்றால் ‘தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது’ என்ற வழக்குச் சொல் இருக்கிறது. இலங்கையில் தேதி என்பது திகதி ஆகும், மற்றபடி அதேதான். சட்டமன்றத்துக்கு அது சரி. சிறிய சங்கத்தில் அப்படி எழுதினால் அந்தக் கூட்டம் பெரும்பாலும் மீண்டும் கூடாது.

போகிற போக்கில் ஒரு எச்சரிக்கை. ஒத்திவைப்புத் தீர்மானம் என்று நாடாளுமன்றச் செய்திகளில் வருவது, கூட்டத்தை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்ற கோரிக்கை இல்லை. அவையின் வழக்கமான அலுவலை ஒத்திவைத்துவிட்டு, அவசரமான பொதுப் பிரச்சினை ஒன்றை விவாதிக்க வேண்டும் என்ற கோரிக்கை அது. சங்கக் கூட்டத்தை அடுத்த வாரத்துக்கு நீட்ட யாராவது முன்மொழிந்தால், “கூட்டத்தை ஒத்திவைக்கும் முன்மொழிவு” என்று விரித்து எழுதிவிடுங்கள்.

‘கூட்டம் கலைந்தது’ என்று நான் எழுதியதும் சரியில்லை. கலைவது தெருவில் கூடிய கூட்டம். கலைக்கப்படுவது சட்டமன்றமோ செயற்குழுவோ. முறைப்படி முடிந்த கூட்டம் ‘நிறைவுற்றது’.

மறுபடி எழுதியபோது

வங்கி திருப்பிய பிறகு என்ன செய்வது என்று யோசித்தோம். பக்கத்தைக் கிழித்துவிட்டு நல்லதாக ஒன்று எழுதி ஒட்டிவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். தலைவர் கையெழுத்திட்ட பக்கத்தில் கை வைப்பது மோசடிக்கு நிகர். தவிர, அன்று வந்தவர்களை நான் எண்ணவே இல்லையே! சிறப்புப் பொதுக்குழுவைக் கூட்டினோம். முதல் ஞாயிறு ஆள் சேரவில்லை. அன்றைய குறிப்பு இது:

“சிறப்புப் பொதுக்குழுக் கூட்டம் 04.06.2023, ஞாயிறு காலை 10.00 மணிக்குச் சங்க அலுவலகத்தில் கூட்டப்பட்டது. வாக்குரிமை உள்ள உறுப்பினர்கள் 88 பேர். துணைவிதிப்படி குறைவெண் வரம்பு 30. காலை 10.30 மணி வரை காத்திருந்தும் 26 உறுப்பினர்களே வந்திருந்தனர். குறைவெண் வரம்பு எட்டப்படாததால், நிகழ்ச்சி நிரலில் உள்ள எப்பொருளும் எடுத்துக்கொள்ளப்படவில்லை. கூட்டம் 11.06.2023, ஞாயிறு காலை 10.00 மணிக்கு இதே இடத்தில் மீண்டும் கூடும் வகையில் தலைவரால் ஒத்திவைக்கப்பட்டது.”

‘எப்பொருளும் எடுத்துக்கொள்ளப்படவில்லை’ என்ற வரி முக்கியம். வரம்பு இல்லாத கூட்டத்தில் பேச்சுவாக்கில் எதையாவது முடிவு செய்துவிடவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி.

அடுத்த ஞாயிறு 34 பேர் வந்தார்கள்.

“04.06.2023 அன்று ஒத்திவைக்கப்பட்ட சிறப்புப் பொதுக்குழுக் கூட்டம், 11.06.2023 காலை 10.00 மணிக்குத் தலைவர் தலைமையில் தொடர்ந்தது. வருகை தந்த உறுப்பினர்கள் 34 பேர். குறைவெண் வரம்பான 30 எட்டப்பட்டதைத் தலைவர் அறிவித்தார்.

பொருள் 1: வங்கிக் கணக்கை இயக்குதல். சங்கத்தின் சேமிப்புக் கணக்கைத் தலைவரும் பொருளாளரும் கூட்டாகக் கையெழுத்திட்டு இயக்கலாம் என்னும் முன்மொழிவைச் செயலாளர் முன்மொழிந்தார்; துணைத்தலைவர் வழிமொழிந்தார்.

தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய மூவரில் எவரேனும் இருவர் என மாற்றும் திருத்தத்தை உறுப்பினர் ஒருவர் முன்மொழிய, மற்றொருவர் வழிமொழிந்தார். திருத்தம் வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. ஆதரவு 21, எதிர்ப்பு 11, வாக்களிக்காதவர் 2. திருத்தம் ஏற்கப்பட்டது.

திருத்தப்பட்ட முன்மொழிவு வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. ஆதரவு 27, எதிர்ப்பு 5, வாக்களிக்காதவர் 2. முன்மொழிவு பெரும்பான்மை வாக்குகளால் ஏற்கப்பட்டதாகத் தலைவர் அறிவித்தார்.”

உண்மையான புத்தகத்தில் ‘உறுப்பினர் ஒருவர்’ என்ற இடத்தில் பெயரும் வீட்டு எண்ணும் இருக்கின்றன; இங்கே நீக்கியிருக்கிறேன். இதுவரை ‘தீர்மானம்’ வரவே இல்லை, கவனித்தீர்களா? திருத்தம் முதலில், திருத்தப்பட்ட முன்மொழிவு பிறகு என்று வாக்கெடுப்பு இரண்டு முறை நடக்கிறது. திருத்தம் வென்றதுமே வேலை முடிந்தது என்று நினைத்து இரண்டாவது வாக்கெடுப்பை விட்டுவிடுவார்கள். திருத்தத்தை ஏற்றது, கேள்வியின் வாசகத்தை மாற்றியது மட்டும்தான். கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை. மோஷனையும் ரெசல்யூஷனையும் ஒரே சொல்லால் எழுதியிருந்தால், ‘தீர்மானத்தில் திருத்தம் நிறைவேறியது, தீர்மானம் நிறைவேறியது’ என்று இரண்டும் ஒட்டிக்கொண்டு எது எதுவென்றே தெரிந்திருக்காது.

‘ஒருமனதாக’ என்று எழுதாததையும் பாருங்கள். அது பலருக்குக் கை தானாக எழுதிவிடும் சொல், இலங்கையில் ‘ஏகமனதாக’. எல்லோரும் ஆதரித்தால் மட்டுமே அது பொருந்தும். ஆதரவு 32, வாக்களிக்காதவர் 2, எதிர்ப்பு யாருமில்லை என்று வந்திருந்தால்கூட ‘எதிர்ப்பின்றி’ என்றுதான் எழுதியிருப்பேன். ஐந்து பேர் கை தூக்கி எதிர்த்திருக்கும்போது ஒருமனதாக என்று எழுதினால், அடுத்த கூட்டத்தில் அந்த ஐந்து பேரும் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்வார்கள்.

இதற்குப் பிறகுதான் தீர்மானம்:

“தீர்மானம் எண் 1 / 11.06.2023: சங்கத்தின் பெயரில் உள்ள சேமிப்புக் கணக்கைத் தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய மூவரில் எவரேனும் இருவர் கூட்டாகக் கையெழுத்திட்டு இயக்கலாம் என்றும், முன்னாள் பொருளாளருக்கு அளிக்கப்பட்டிருந்த கையொப்ப அதிகாரம் இன்று முதல் நீக்கப்படுகிறது என்றும், இத்தீர்மானத்தைச் செயல்படுத்தத் தேவையான படிவங்களை வங்கியில் அளிக்கச் செயலாளருக்கு அதிகாரம் அளிக்கப்படுகிறது என்றும் பொதுக்குழு தீர்மானிக்கிறது.”

இந்தப் பத்தியில் ‘மேற்படி’, ‘மேற்கண்டவாறு’, ‘விவாதித்தபடி’ எதுவும் இல்லை. காரணம், வங்கிக்கோ பதிவாளர் அலுவலகத்துக்கோ போவது பெரும்பாலும் இந்தப் பத்தியின் நகல் மட்டும்தான். மேலே என்ன இருந்தது என்று அங்கே யாருக்கும் தெரியாது. தீர்மானம் தனியாக வெட்டி எடுத்தாலும் நிற்க வேண்டும்: யார் தீர்மானிக்கிறார்கள், எதை, எந்த நாளிலிருந்து, யார் செய்ய வேண்டும். ‘தீர்மானிக்கப்பட்டது’ என்ற செயப்பாட்டு வினை தவறில்லை, அலுவலகங்களில் அதுதான் அதிகம் புழங்குகிறது. எனக்கென்னவோ ‘பொதுக்குழு தீர்மானிக்கிறது’ என்பது பிடிக்கிறது. செயற்குழுவா பொதுக்குழுவா என்ற கேள்விக்கு எழுவாயே விடை சொல்லிவிடுகிறது.

வங்கியில் இந்த முறையும் அதே அம்மாதான். வருகை எண்ணில் விரலை வைத்தார், வாக்கு எண்களை மனதுக்குள் கூட்டிப் பார்த்தார், 34 வந்ததும் அடுத்த பக்கம் போனார். படிவத்தை நீட்டினார்.

பழைய பக்கம் இன்னும் புத்தகத்தில் இருக்கிறது. அதை உறுதி செய்யும் பொருள் அடுத்த கூட்டத்தின் நிரலில் வந்தபோது, பக்கத்தின் ஓரத்தில் ஒரு வரி சேர்த்துத் தலைவரும் நானும் தேதியிட்டுக் கையெழுத்திட்டோம்: “வருகை எண்ணும் வாக்கெடுப்பின் முடிவும் பதிவாகவில்லை. இப்பொருள் 11.06.2023 தீர்மானம் எண் 1-இல் முடிவு செய்யப்பட்டது.” அதற்குக் கீழே, ‘கூட்டம் இனிதே கலைந்தது’ அப்படியே நிற்கிறது.